நான்கு வகைத் தண்ணீர், மூன்று டம்மி மாறிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இறுதியாண்டு ஆய்வுக்காக வயல்களில் வினாக்கொத்து நிரப்பிவிட்டு வரும் பிள்ளைகளுக்குத் தரவைப் பார்த்துக் கொடுப்பது என் வழக்கம். பிற்செலவு, அதாவது ரிகிரஷன் என்று நாம் சொல்வது, எல்லோருக்கும் ஓரளவு தெரியும். ஆனால் “தண்ணீர் எங்கிருந்து வருகிறது” என்பது போன்ற ஒரு மாறி வந்ததும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம்தான். பெரும்போகத்தில் 120 வயல் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஏக்கருக்கு எத்தனை புசல் நெல் என்ற விளைச்சல். தண்ணீர் நான்கு வகை: பாரிய குளம் 60 துண்டுகள், சிறு குளம் 35, மானாவாரி 20, கிணறு 5. சராசரி விளைச்சல் அதே வரிசையில் 92, 80, 64, 84 புசல். இவை பயிற்சிக்காக நான் கட்டிய எண்கள். யாருடைய ஆய்விலிருந்தும் எடுக்கவில்லை, இவற்றை எங்கும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

பாரிய குளம் 1, சிறு குளம் 2, மானாவாரி 3, கிணறு 4 என்று எண் போட்டுத்தானே பதிந்திருக்கிறேன். அதை அப்படியே மாறியாகப் போட்டால் என்ன?

பதிவதற்கு அந்த எண்கள் சரி. பிற்செலவுக்குள் அப்படியே போட்டால் மென்பொருள் அவற்றை உண்மையான அளவுகளாக எடுத்துக்கொள்ளும். பாரிய குளத்திலிருந்து சிறு குளத்துக்கு ஒரு படி, அங்கிருந்து மானாவாரிக்கு இன்னொரு படி, அங்கிருந்து கிணற்றுக்கும் அதே அளவு ஒரு படி என்று ஒரு நேர்கோட்டைப் போட்டுவிடும். எந்த வயற்காரரும் அப்படிச் சொல்லமாட்டார்.

நம் எண்களில் போட்டுப் பாருங்கள். கோட்டின் சாய்வு −9.7 வரும், p பெறுமதியும் மிகச் சிறியதாக வரும். அதைப் பார்த்து “நன்றாக வந்திருக்கிறது” என்று நம்பிவிடுவார்கள். ஆனால் அந்தக் கோடு கிணற்று வயலுக்குச் சொல்லும் விளைச்சல் சுமார் 62 புசல், உண்மைச் சராசரியோ 84. மானாவாரிக்கு 71 என்கிறது, உண்மை 64. கிணற்றுக்கு 4 என்று எண் கொடுத்ததால் மட்டுமே அது மானாவாரிக்கும் கீழே தள்ளப்பட்டது. எண்களை வேறு வரிசையில் கொடுத்திருந்தால் வேறு கோடு வந்திருக்கும். பதிவு செய்தவரின் விருப்பத்துக்கேற்ப முடிவு மாறுகிறது என்றால் அந்த முடிவில் வயல் பேசவில்லை.

அப்ப டம்மி மாறி என்றால் சரியாக என்ன?

ஆம் அல்லது இல்லை என்ற ஒரு கேள்வி. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. “இந்தத் துண்டு சிறு குளத்துத் தண்ணீரா?” என்பது ஒரு டம்மி. “மானாவாரியா?” இன்னொன்று. “கிணறா?” மூன்றாவது. நான்கு வகையும் மூன்று கேள்விகளில் பிரிந்துவிடும்:

```
            d_minor   d_rainfed   d_well
major          0          0          0
minor          1          0          0
rainfed        0          1          0
well           0          0          1
```

மூன்றிலும் 0 வாங்கும் குழு பாரிய குளம். அதுதான் ஒப்பீட்டுக் குழு. அதற்குத் தனி மாறி இல்லையே தவிர, அது காணாமல் போகவில்லை. வெட்டுத்துண்டுக்குள் இருக்கிறது.

நான்கு குழு இருக்கும்போது ஏன் நான்கு டம்மி போடக்கூடாது? ஒன்றை விட்டால் தகவல் குறையாதா?

குறையாது. சிறு குளம் இல்லை, மானாவாரி இல்லை, கிணறும் இல்லை என்று தெரிந்த பிறகு “பாரிய குளமா?” என்று கேட்பதில் புதிய செய்தி ஒன்றும் இல்லை. நான்கு டம்மிகளையும் கூட்டினால் எல்லா வரியிலும் 1 வரும். வெட்டுத்துண்டுக்கான நிரலும் எல்லா வரியிலும் 1. இரண்டும் ஒன்றே என்பதால் எது எவ்வளவு என்று பிரிக்கக் கணக்குக்கு வழியில்லை.

நான்கையும் போட்டால் மென்பொருள் நின்றுவிடாது, தானே ஒன்றைத் தூக்கி வெளியே போட்டுவிடும். R அந்த வரியில் `NA` காட்டும். SPSS, நீக்கிய மாறியை வேறொரு சிறிய அட்டவணையில் காட்டும். அதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டாலும் ஒப்பீட்டுக் குழு ஒன்று இருக்கத்தான் செய்யும், தேர்ந்தெடுத்தது யார் என்பதுதான் வித்தியாசம்.

வெட்டுத்துண்டை எடுத்துவிட்டு நான்கு டம்மிகளையும் வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வைக்கலாம், அப்போது நான்கு குணகங்களும் நான்கு சராசரிகளாகவே வரும். ஆனால் அவற்றின் p பெறுமதி “இந்தச் சராசரி பூச்சியமா?” என்ற கேள்விக்கான பதில். நெல் விளைச்சல் பூச்சியமா என்று யாரும் கேட்கவில்லை. R² கூட வேறு முறையில் கணக்கிடப்பட்டுத் தேவையில்லாமல் பெரிதாகத் தெரியும்.

வெளியீட்டில் வரும் எண்களை எப்படி வாசிப்பது?

ஒவ்வொரு குணகத்தின் பக்கத்திலும் “எதைவிட?” என்று கேளுங்கள். இந்தப் பக்கம் முழுவதற்கும் நான் சொல்ல வந்தது அந்த ஒரு சொல்தான். நம் உதாரணத்தில் வெட்டுத்துண்டு 92. அது பாரிய குளத்தின் சராசரி. `d_minor` −12, அதாவது சிறு குளத்து வயல் பாரிய குளத்து வயலைவிடச் சராசரியாக 12 புசல் குறைவு. `d_rainfed` −28, `d_well` −8. இரண்டும் பாரிய குளத்தைவிடத்தான்.

சிறு குளத்துக்கும் மானாவாரிக்கும் உள்ள வித்தியாசம் வேண்டுமா? −12 இலிருந்து −28 ஐக் கழித்தால் 16 புசல். எண் கிடைத்துவிடும். ஆனால் அதன் நியம வழுவை இப்படிக் கழித்துப் பெற முடியாது. அதற்கு ஒப்பீட்டுக் குழுவை மாற்றி மறுபடி ஓட்டுவதுதான் லேசான வழி. R இல் ஒரு வரி போதும்:

```
d$water <- relevel(factor(d$water), ref = "rainfed")
```

நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லையே. மென்பொருளே போட்டுக்கொண்டதை அப்படியே விடலாமா?

மென்பொருளுக்கு வயல் தெரியாது. R, அகர வரிசையில் முதலில் வரும் பெயரை எடுக்கும். நம் உதாரணத்தில் `major` முதலில் வந்தது தற்செயல். அதையே `tank_major`, `tank_minor`, `rainfed`, `well` என்று பதிந்திருந்தால் ஒப்பீட்டுக் குழு மானாவாரி ஆகியிருக்கும். SPSS இன் லொஜிஸ்டிக் பகுதி, வேறு சொல்லாவிட்டால், கடைசிக் குழுவை எடுக்கும். நம் எண்களில் கடைசி 4, அதாவது கிணறு. வெறும் ஐந்து துண்டுகள் உள்ள குழு. அதில் என்ன வில்லங்கம் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஒரே தரவை ஒருவர் R இலும் இன்னொருவர் SPSS இலும் ஓட்டிவிட்டு “விடை ஒத்துவரவில்லை” என்று இரண்டு மடிக்கணினிகளுடன் வந்து நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விடை ஒத்துத்தான் வந்திருக்கும், ஒப்பீட்டுக் குழு மட்டும் வேறு.

ஒப்பீட்டுக் குழு எதுவானாலும் கணக்கு ஒன்றுதான் என்கிறார்கள். பிறகு எதற்கு இவ்வளவு யோசனை?

மாதிரி, அதாவது மாடல், ஒன்றுதான் என்பது உண்மை. எந்தக் குழுவை வைத்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் எதிர்வுகூறும் விளைச்சல், R², முழு மாறிக்கான F சோதனை எதுவும் மாறாது. மாறுவது, அட்டவணையில் எந்தக் கேள்விகளுக்கான பதில் அச்சாகிறது என்பது. வாசகர் பார்ப்பது அந்த அட்டவணையைத்தானே.

கிணற்றை ஒப்பீட்டுக் குழுவாக வைத்துப் பார்ப்போம். குழுக்களுக்குள் நியம விலகல் 15 புசல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குழுக்களின் வித்தியாசத்துக்கான நியம வழு இப்படி வரும்:

```
SE = s * sqrt(1/n1 + 1/n2)
```

பாரிய குளம் ஒப்பீடாக இருக்கும்போது சிறு குளத்தின் −12 க்கு நியம வழு 3.2, மானாவாரியின் −28 க்கு 3.9. இரண்டும் தெளிவான வித்தியாசங்கள். கிணறு ஒப்பீடாக இருந்தால் பாரிய குளம் +8, நியம வழு 7.0. சிறு குளம் −4, நியம வழு 7.2. மானாவாரி −20, நியம வழு 7.5. முதல் இரண்டும் சிக்னிபிகன்ட் இல்லை. அட்டவணையை மேலோட்டமாகப் பார்ப்பவர் “பாரிய குளத்துக்கும் சிறு குளத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை” என்று எழுதிவிடுவார். அந்த ஒப்பீடு அட்டவணையில் இல்லவே இல்லை. 60 துண்டுகளும் 35 துண்டுகளும் சேர்ந்து தெளிவாகச் சொன்ன 12 புசல் வித்தியாசம், இடையில் ஐந்து கிணற்று வயல்களை நிறுத்தியதால் மறைந்துபோனது.

சூத்திரத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒப்பீட்டுக் குழுவின் `1/n` எல்லா வரியிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஐந்து துண்டுகளின் தடுமாற்றத்தை மூன்று வரிகளும் சுமக்கின்றன.

சரி, அப்ப எண்ணிக்கை கூடிய குழுவையே எப்பவும் வைத்துவிடலாமா?

போதிய எண்ணிக்கை வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ஆய்வுக் கேள்வி. “பாரிய குளத்துத் தண்ணீர் கிடைக்காத வயற்காரர் எவ்வளவு இழக்கிறார்?” என்பது கேள்வியானால் பாரிய குளம் ஒப்பீடு. “சிறு குளத்தைத் திருத்தி மானாவாரிக் காணிக்குத் தண்ணீர் கொடுத்தால் எவ்வளவு கூடலாம்?” என்று கமநல சேவை நிலையத்துக்குச் சொல்லப்போகிறீர்கள் என்றால் மானாவாரிதான் ஒப்பீடு. அங்கே 20 துண்டுகள்தான் இருந்தாலும் அந்தக் கேள்விக்கு அதுவே சரி. சிறு குளம் +16 என்று நேரே அட்டவணையில் வரும், நியம வழு 4.2.

அடுத்தது, குழு இன்னது என்று தெளிவாக இருக்க வேண்டும். பாரிய குளம், சிறு குளம் என்ற பிரிவுக்கு நம் நாட்டில் ஒரு வரையறை உண்டு. 80 ஹெக்டயர், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் வரை பாய்ச்சுவது சிறு நீர்ப்பாசனம், அதற்கு மேற்பட்டது பாரியது. சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரோ உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரோ பாயும் வயல் என்றால் வாசகருக்கு உடனே மனதில் ஒரு படம் வரும். “ஏனையவை” என்ற குழுவை ஒப்பீடாக வைத்தால் எந்தப் படமும் வராது. ஏனையவற்றைவிட 9 புசல் கூட என்றால் எதைவிடக் கூட? சிலவேளை அதற்குள் ஆற்றிலிருந்து மோட்டாரால் இறைப்பவரும் இருப்பார், பதில் சொல்ல மறுத்தவரும் இருப்பார்.

என் வழக்கத்தைக் கேட்டால், கேள்வி குறிப்பாக ஒன்றையும் கேட்காதபோது, அந்த ஊரில் சாதாரணமாகக் காணப்படும் நிலையை ஒப்பீடாக வைப்பேன்.

கிணற்றுக் குழு ஐந்துதானே. அதன் p பெறுமதி 0.25. அந்த ஒரு டம்மியை மட்டும் எடுத்துவிடலாமா?

வேண்டாம். இதுதான் நான் அதிகம் காணும் பிழை, பார்வைக்குப் பிழையாகவும் தெரியாது. மேலே உள்ள 0, 1 அட்டவணையை மறுபடி பாருங்கள். `d_well` நிரலை அழித்தால் கிணற்று வயலுக்கு மிஞ்சுவது 0, 0. அதுதான் பாரிய குளத்துக்கும். ஐந்து துண்டுகளும் தரவிலிருந்து போகவில்லை, சத்தமில்லாமல் ஒப்பீட்டுக் குழுவுக்குள் போய்விட்டன. இப்போது வெட்டுத்துண்டு 91.4, சிறு குளம் −11.4, மானாவாரி −27.4. ஒப்பீட்டுக் குழு “பாரிய குளமும் கிணறும்” ஆகிவிட்டது, அட்டவணையின் அடிக்குறிப்பு மட்டும் இன்னும் “பாரிய குளம்” என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

தானே மாறிகளைத் தெரிவு செய்யும் ஸ்டெப்வைஸ் முறையில் டம்மிகளைத் தனித்தனியாக விட்டாலும் இதேதான் நடக்கும். ஒரு மாறியின் டம்மிகள் எல்லாம் சேர்ந்து உள்ளே இருக்க வேண்டும் அல்லது எல்லாம் சேர்ந்து வெளியே போக வேண்டும். கிணற்று வயல்களை ஆய்விலிருந்து விலக்குவது என்று முடிவெடுத்தால் அந்த ஐந்து வரிகளையும் விலக்குங்கள், விலக்கியதை எழுதுங்கள். வேறு குழுவுடன் சேர்ப்பதானால் தண்ணீர் வரும் விதத்தைப் பார்த்துச் சேருங்கள். p பெறுமதியைப் பார்த்துச் சேர்க்காதீர்கள்.

அப்ப “தண்ணீர் வகை முக்கியமா இல்லையா” என்ற ஒரே கேள்விக்கு எந்த p பெறுமதியைப் பார்ப்பது?

மூன்றில் எதையும் அல்ல. தண்ணீர் மாறி இல்லாத மாதிரியையும் மூன்று டம்மிகளும் உள்ள மாதிரியையும் ஒப்பிடும் F சோதனையைப் பாருங்கள். பசளையின் அளவும் மாதிரியில் இருந்தால்:

```
m0 <- lm(yield ~ fert, data = d)
m1 <- lm(yield ~ fert + water, data = d)
anova(m0, m1)
```

பசளை இல்லாமல் தண்ணீர் மட்டும் உள்ள நம் உதாரணத்தில் F = 18.3, சுயாதீன அளவுகள் 3, 116. கிணற்றை ஒப்பீடாக வைத்தாலும் இதே 18.3 தான். அங்கே மூன்றில் இரண்டு வரிகள் சிக்னிபிகன்ட் இல்லாமல் நின்றபோதும், தண்ணீர் வகைக்கு விளைச்சலில் பங்கு உண்டு என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

ஒவ்வொரு குழுவாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, நட்சத்திரம் கூட வருவதை எழுதினால் பிழையா?

பிழை. நான்கு குழுக்களுக்கு ஆறு சோடிகள் உண்டு. ஆறையும் பார்த்துவிட்டு நன்றாக வந்த மூன்றை மட்டும் காட்டினால், தற்செயலாக வந்த வித்தியாசத்தையும் உண்மை என்று சொல்லும் வாய்ப்பு கூடுகிறது. ஆறு சோடியும் உண்மையாகவே வேண்டுமென்றால் ஆறையும் டியூக்கி போன்ற திருத்தத்துடன் காட்டுங்கள். இல்லாவிட்டால், தரவைத் திறக்க முன்னரே, ஆய்வு முன்மொழிவிலேயே ஒப்பீட்டுக் குழுவை எழுதி வையுங்கள். சிறு குளத்துக்கும் மானாவாரிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெற நான் மேலே `relevel` சொன்னது, முன்பே தெரிந்த ஒரு கேள்விக்கு. தேடிப் பார்ப்பதற்கு அல்ல.

SPSS இல் டம்மி செய்தேன். வெட்டுத்துண்டு 92 வரவேண்டிய இடத்தில் வேறு எண் வருகிறது. ஏன்?

தண்ணீர் மாறி மட்டும் உள்ள மாதிரியானால் வெட்டுத்துண்டு ஒப்பீட்டுக் குழுவின் சராசரியோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வேண்டாத யாரோ ஒப்பீட்டுக் குழுவுக்குள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் வந்த வழி இதுதான்:

```
RECODE water (2=1) (ELSE=0) INTO d_minor.
```

இந்த `ELSE`, வெற்றாக விடப்பட்ட பதிலையும் பிடிக்கும், “தெரியாது” என்பதற்குப் போட்ட 99 ஐயும் பிடிக்கும். மூன்று டம்மியிலும் அவர்கள் 0 வாங்குகிறார்கள். மூன்றிலும் 0 என்றால் பாரிய குளம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பதில் சொல்லாத வயல் எல்லாம் பாரிய குளத்து வயலாகிவிடும். எனக்கு வந்த ஒரு கோப்பில் இப்படி ஒன்பது வரிகள் ஒளிந்திருந்தன, அந்தப் பிள்ளை முடிவுரை வரை எழுதி முடித்திருந்தார். பாதுகாப்பான முறை, வரவேண்டிய எண்களை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது:

```
RECODE water (2=1) (1,3,4=0) INTO d_minor.
```

சொல்லப்படாத எண்கள் புதிய மாறியில் வெற்றாகவே நிற்கும். பிறகு `water` ஐயும் ஒவ்வொரு டம்மியையும் குறுக்கு அட்டவணையாகப் போட்டுப் பாருங்கள். R இல் `factor` பயன்படுத்துவோருக்கு இந்தத் தொல்லை இல்லை, வேறொன்று உண்டு: `Rainfed`, `rainfed` என்று இரண்டு விதமாகத் தட்டச்சு செய்திருந்தால் அவை இரண்டு குழுக்களாகிவிடும். `table(d$water)` போட்டால் உடனே தெரியும்.

யூரியாவின் அளவையும் சேர்த்தேன். மானாவாரியின் −28 போய் −19 ஆகிவிட்டது. எது சரி?

இரண்டும் சரி, “எதைவிட?” என்பது மட்டும் மாறியிருக்கிறது. −28 என்பது மானாவாரி வயலையும் பாரிய குளத்து வயலையும் அவை இருக்கிறபடியே ஒப்பிட்டது. −19 என்பது ஒரே அளவு யூரியா போட்ட இரண்டு வயல்களை ஒப்பிடுவது. நம் எண்களில் பாரிய குளத்தார் ஏக்கருக்குச் சராசரியாக 105 கிலோ போடுகிறார்கள், மானாவாரியார் 60 கிலோ. ஒரு கிலோவுக்கு 0.2 புசல் என்றால் 45 கிலோவுக்கு 9 புசல். 28 இல் 9 அங்கே போய்விட்டது. மழை வருமா என்று தெரியாத வயலில் யாரும் நிறையப் பசளை போடத் துணியமாட்டார்கள். ஆகவே அந்த 9 புசலும் தண்ணீரால் வந்ததுதானே என்று ஒருவர் வாதிடலாம். எதை எழுதுவது என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது, கணக்கு அதைத் தீர்த்து வைக்காது.

வெட்டுத்துண்டும் இப்போது 71. அது யூரியாவே போடாத பாரிய குளத்து வயல். அப்படி ஒரு வயல் தரவில் இருக்காது. யூரியாவிலிருந்து 90 ஐக் கழித்துப் போட்டால் வெட்டுத்துண்டு 89 ஆகும், அதாவது 90 கிலோ போட்ட பாரிய குளத்து வயல். வாசிக்க இது எவ்வளவோ நல்லது.

தண்ணீரையும் யூரியாவையும் பெருக்கி இடைத்தாக்கமும் போட்டேன். ஒப்பீட்டுக் குழுவை மாற்றினால் யூரியாவின் குணகமே மாறுகிறது. ஏதோ பிழைத்துவிட்டதா?

பிழை இல்லை. இடைத்தாக்கம் வந்ததும் ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் கோடு, தனிச் சாய்வு. யூரியாவின் தனிக் குணகம் எல்லா வயலுக்கும் பொதுவானது அல்ல, ஒப்பீட்டுக் குழுவின் சாய்வு மட்டும். பாரிய குளத்தில் கிலோவுக்கு 0.24, மானாவாரியில் 0.10 என்று வைப்போம். பாரிய குளம் ஒப்பீடானால் யூரியாவின் குணகம் 0.24, மானாவாரியுடனான பெருக்கம் −0.14. மானாவாரி ஒப்பீடானால் 0.10, பாரிய குளத்துடனான பெருக்கம் +0.14. இரண்டு அட்டவணையும் சொல்வது ஒன்றைத்தான்.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது டம்மியின் குணகம். மானாவாரி இப்போது −8.8 என்று வரும். “இடைத்தாக்கம் சேர்த்ததும் மானாவாரியின் பாதிப்பு குறைந்துவிட்டது” என்று எழுதிவிடாதீர்கள். அது யூரியா பூச்சியமாக இருக்கும் இடத்தில் இரண்டு கோடுகளுக்கும் உள்ள இடைவெளி. 100 கிலோவில் அந்த இடைவெளி −8.8 உடன் 100 தடவை −0.14 சேர்த்து −22.8 ஆகிறது. மேலே சொன்னபடி 90 ஐக் கழித்துப் போட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

பெரும்போகம், சிறுபோகம் இரண்டையும் சேர்த்துத் தண்ணீருடன் பெருக்கினேன். ஒரு வரியில் `NA` வருகிறது.

நான்கு டம்மிகளையும் போட்டதற்கு வந்த `NA` அல்ல இது. சிறுபோகத்தில் மானாவாரி நெல் எத்தனை துண்டு என்று தரவில் எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் பூச்சியம்தான். நம் பக்கத்தில் மானாவாரி வெள்ளாமை வடகீழ்ப் பருவமழையை நம்பிப் பெரும்போகத்தில் செய்வது. இல்லாத வயலின் விளைச்சலை எந்த மாதிரியும் மதிப்பிடாது. சிறுபோகத்தைக் குளத்து வயல்களுக்கு மட்டும் தனியாக ஆராய்வதுதான் நேர்மையான வழி.

விளைவு ஆம், இல்லை என்றால்? காப்புறுதி எடுத்தாரா இல்லையா என்பது போல.

டம்மி செய்வதும் “எதைவிட?” என்பதும் அப்படியேதான், வித்தியாசம் புசலுக்குப் பதில் ஒட்ஸ் விகிதமாக வரும். சிறிய குழுவை ஒப்பீடாக வைப்பது மட்டும் இங்கே இன்னும் மோசம். ஐந்து கிணற்றுக்காரரில் ஒருவரும் காப்புறுதி எடுக்கவில்லை என்றால், மற்ற மூன்று குழுக்களின் ஒட்ஸ் விகிதமும் எல்லையில்லாமல் பெருகி, நியம வழு ஆயிரக்கணக்கில் நிற்கும். அப்படி ஒரு எண்ணைக் கண்டால் முதலில் ஒப்பீட்டுக் குழுவின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

VIF 6.5 வருகிறது. மாறிகளுக்குள் தொடர்பு அதிகம், ஒன்றை எடுத்துவிடு என்கிறார்கள்.

எடுக்க முன் ஒப்பீட்டுக் குழு எது என்று பாருங்கள். நம் தரவில் கிணற்றை ஒப்பீடாக வைத்தால் பாரிய குளத்து டம்மியின் VIF சரியாக 6.5 வரும், சிறு குளத்துக்கு 5.7. பாரிய குளத்தை ஒப்பீடாக்கினால் சிறு குளத்தின் VIF 1.1. தரவில் ஒரு எண்ணும் மாறவில்லை. ஒப்பீட்டுக் குழு சிறியதாக இருப்பதால் டம்மிகள் ஒன்றையொன்று ஏறக்குறைய முழுதாகத் தீர்மானிக்கின்றன, அவ்வளவுதான். ஒரு டம்மியை எடுத்தால் என்ன நடக்கும் என்று கிணற்றுக் கேள்வியில் பார்த்தோம்.

கடைசியில் அட்டவணையில் எப்படி எழுதுவது?

ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஒரு வரி கொடுங்கள். குணகம் வரவேண்டிய இடத்தில் “ஒப்பீடு” என்று எழுதி, பக்கத்தில் 60 என்ற எண்ணிக்கையைப் போடுங்கள். மற்றக் குழுக்களின் எண்ணிக்கையும் வேண்டும், அப்போதுதான் கிணற்றின் நியம வழு ஏன் பெரிது என்று வாசகருக்கே விளங்கும். வரியின் பெயர் `d_minor` என்று இருக்கக்கூடாது, “சிறு குளம்” என்று இருக்கட்டும். F சோதனையை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் சேருங்கள். அப்புறம், இந்தக் குழுவை ஏன் ஒப்பீடாக எடுத்தீர்கள் என்று முறையியல் அத்தியாயத்தில் ஒரு வசனம் எழுதுங்கள். வாய்மொழிப் பரீட்சையில் முதல் கேள்வி பெரும்பாலும் அந்த வசனத்திலிருந்துதான் வரும்.